ஊசிக்கு முன்னால் விதையைத் தொட்டுப் பாருங்கள்

இருபது, இருபத்தைந்து வயதுப் பையன்கள் கையில் லேப் தாளோடு வருவது எங்கள் திருநெல்வேலிப் பக்கம் இப்போது சாதாரணமாகிவிட்டது. தாளில் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனுக்கு நேரே ஓர் எண். அதன் பக்கத்தில், குறைவு என்று காட்ட, கீழ்நோக்கி ஓர் அம்புக்குறி. பலர் அதற்குள் ஒன்றிரண்டு ஊசியும் போட்டிருப்பார்கள். தாளை வாங்கியதும் நான் இரண்டு கேள்வி கேட்பேன். ரத்தம் எத்தனை மணிக்கு எடுத்தார்கள்? உன் விதைகளை யாராவது தொட்டுப் பார்த்தார்களா? இரண்டாவது கேள்விக்கு ஆமாம் என்று பதில் சொன்னவர்கள் மிகக் குறைவு.

அந்தக் கேள்வியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. ஓர் இளைஞனுக்கு டெஸ்டோஸ்டிரோன் குறைவதற்குக் காரணங்கள் பல உண்டு. அவற்றில் பிறப்பிலேயே வருகிற இரண்டு காரணங்களை, விதையின் அளவையும் அழுத்தத்தையும் கைவிரலால் பார்த்தாலே ஏறக்குறையப் பிரித்துவிடலாம். இரண்டிலும் விதை சிறியதாக இருக்கும். ஒன்றில் அது கெட்டியாக இருக்கும், மற்றதில் மெத்தென்று இருக்கும். அந்த இரண்டுக்கும் வைத்தியம் வேறு, குழந்தை பெறும் வழியும் வேறு. இது தெரியாமல் எல்லோருக்கும் ஒரே ஊசியைப் போட்டால் என்ன கெட்டுப்போகிறது என்பதை ஒரு பையனின் கதையை வைத்துச் சொல்கிறேன். அடையாளம் தெரியக் கூடாது என்பதற்காக ஊர், குடும்ப விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

அவனுக்கு 22 வயது. முக்கூடல் பக்கத்துக் கிராமம். அம்மா பீடி சுற்றுகிறவர், அப்பா லோடு ஆட்டோ ஓட்டுகிறார். போலீஸ் வேலைக்காகப் பாளையங்கோட்டை வ.உ.சி. மைதானத்தில் காலையில் ஓடிப் பழகிக்கொண்டிருந்தான். எழுத்துத் தேர்வுக்கும் படித்தான். ஆனால் உடல்தகுதிக்கு அழைப்பு வந்தபோது போகவில்லை. வீட்டில் காரணம் கேட்டால் பதில் இல்லை. அம்மாதான் கூட்டி வந்தார்.

“சார், எப்பப் பாத்தாலும் சடவா இருக்குன்னு படுத்துக்கிடுதான். மீசையும் ஒழுங்கா வரல. சித்தப்பா மகன் இவனுக்கு ரெண்டு வயசு இளையவன், அவன் வாரம் ரெண்டு தடவை சவரம் பண்ணுதான்.”

அம்மாவைக் கொஞ்ச நேரம் வெளியே உட்காரச் சொன்னேன். அவருக்கு அதில் விருப்பமில்லை. “எனக்குத் தெரியாததா அவன் உடம்பு” என்றார். ஆனால் இந்த வயதுப் பையன் அம்மா இருக்கும்போது ஒன்றுமே பேச மாட்டான். கதவைச் சாத்தியதும் அவன் சொன்ன முதல் விஷயம் சடவும் இல்லை, மீசையும் இல்லை. மார்பளவு எடுக்கிற இடத்தில் சட்டையைக் கழற்ற வேண்டும், அதனால்தான் போகவில்லை என்றான். ஆற்றில் குளித்தாலும் பனியனோடுதான். சாரல் காலத்தில் நண்பர்கள் குற்றாலத்துக்குக் கிளம்பினால் காய்ச்சல் என்று சொல்லிவிடுவானாம். பத்தாம் வகுப்பிலிருந்தே அப்படித்தான்.

சட்டையைக் கழற்றச் சொல்லிப் பார்த்தேன். இரண்டு பக்கமும் மார்பு பெருத்திருந்தது. குண்டான பையன்களுக்கு வெறும் கொழுப்பாலும் அப்படித் தெரியும், ஆகவே தொட்டுப் பார்த்தால்தான் வித்தியாசம் புரியும். காம்புக்கு அடியில் வட்டத் தட்டு போல ஒரு கெட்டியான திசு விரலில் தட்டுப்பட்டால் அது சுரப்பித் திசு. இவனுக்கு அது இருந்தது. இவன் குண்டும் இல்லை. உயரம் 182 சென்டிமீட்டர். அப்பா 168, அம்மா 154. இந்த இரண்டு பேருக்கும் பிறந்த பையன் எதிர்பார்க்கிற அளவைவிட ஏறக்குறைய அரை அடி கூடுதல் வளர்ந்திருந்தான். அந்தக் கூடுதலும் முழுக்கக் காலில்தான். இடுப்பெலும்பின் முன்மேட்டிலிருந்து தரை வரை 97 சென்டிமீட்டர், அதற்கு மேலே தலை வரை 85. இந்த வயதில் இரண்டும் ஏறத்தாழச் சமமாக இருக்கும்.

அப்புறம் விதைகள். இதற்கென்று ஒரு எளிய கருவி உண்டு. ஆர்க்கிடோமீட்டர் என்று பெயர். ஒரு கயிற்றில் கோத்த 12 முட்டை வடிவ மணிகள், ஒவ்வொன்றிலும் அதன் கன அளவு எழுதியிருக்கும், 1 மில்லியிலிருந்து 25 மில்லி வரை. சூரிச் நகரத்துக் குழந்தை மருத்துவர் ஆந்திரேயா பிரேடர் 1960களில் செய்தது. ஒரு கையில் விதையைப் பிடித்துக்கொண்டு மறு கையில் மணிகளைத் தடவி, எது அதற்கு ஒத்துப்போகிறது என்று பார்க்க வேண்டும். பருவம் வராத சிறுவனுக்கு 1 முதல் 3 மில்லி. 4 மில்லியைத் தொட்டால் பருவம் தொடங்கிவிட்டது என்று பொருள், நீளத்தில் சொன்னால் சுமார் 2.5 சென்டிமீட்டர். வளர்ந்த ஆணுக்குப் பெரும்பாலும் 15 முதல் 25. மொத்தமும் இரண்டு நிமிட வேலைதான். அறை குளிராக இருக்கக் கூடாது, கை சூடாக இருக்க வேண்டும், அவ்வளவே.

இவனுக்கு இரண்டு பக்கமும் 3 மில்லி. வெறுமனே சிறியது இல்லை, கொட்டைப்பாக்கைத் தொடுவது போல இறுக்கமாக இருந்தது. அந்த இடத்தில் முடி வளர்ந்திருந்தது, ஆணுறுப்பும் வளர்ந்திருந்தது. அதாவது பருவம் வராமல் போகவில்லை. வந்திருக்கிறது, ஆனால் விதை மட்டும் ஒன்பது வயதுப் பையனின் அளவில் நிற்கிறது. இந்தப் பொருத்தமின்மையை விரல் உணர்ந்த உடனே என் மனதில் ஒரே ஒரு பெயர்தான் வந்தது: கிளைன்ஃபெல்டர்.

1942-ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில், ஹாரி கிளைன்ஃபெல்டர் என்ற இளம் மருத்துவர் தன் ஆசிரியர் ஃபுல்லர் ஆல்பிரைட், உடன் பணிபுரிந்த ரைஃபன்ஸ்டைன் இருவரோடும் சேர்ந்து ஒன்பது ஆண்களைப் பற்றி எழுதினார். எல்லோருக்கும் பெரிய மார்பு, சிறிய விதை, விந்தில் உயிரணு இல்லை. ஏன் என்று அப்போது தெரியாது. மனிதனுக்கு 46 குரோமோசோம் என்பதே 1956-ல்தான் உறுதியானது. 1959-ல் எடின்பரோவில் பட்ரீஷியா ஜேக்கப்ஸும் ஜான் ஸ்ட்ராங்கும் இப்படிப்பட்ட ஓர் ஆணின் செல்களில் 47 குரோமோசோம் இருப்பதைக் கண்டார்கள். கூடுதலாக இருந்தது ஓர் எக்ஸ். ஆணுக்கு ஓர் எக்ஸ், ஒரு ஒய் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு எக்ஸ், ஒரு ஒய்.

இது அபூர்வமான நோய் இல்லை. ஏறக்குறைய 600 முதல் 650 ஆண் குழந்தைகளில் ஒருவருக்கு இருக்கிறது. இரண்டாயிரம் ஆண்பிள்ளைகள் படிக்கிற பள்ளிக்கூடம் என்றால் மூன்று பேர். டென்மார்க்கில் நாடு முழுவதும் கணக்கெடுத்துப் பார்த்தபோது, இருக்க வேண்டியவர்களில் கால்வாசிப் பேர்தான் வாழ்நாளில் எப்போதாவது கண்டுபிடிக்கப்பட்டிருந்தார்கள். நம் பக்கத்தில் பெரும்பாலும் எப்போது தெரிய வருகிறது என்றால், கல்யாணமாகி மூன்று நான்கு வருடம் மனைவியை டாக்டர் டாக்டராகக் கூட்டிப் போய், கடைசியில் கணவனின் விந்தைச் சோதிக்கும்போது.

விதை ஏன் சிறுத்துக் கெட்டியாகிறது என்பதைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மற்ற எல்லாம் அதிலிருந்துதான் வருகிறது. விதையின் பெரும்பகுதி மெல்லிய சுருள் குழாய்கள். உயிரணு அவற்றுக்குள்தான் உருவாகிறது. குழாய்களுக்கு இடையே உள்ள செல்கள் டெஸ்டோஸ்டிரோனைச் சுரக்கின்றன. கூடுதல் எக்ஸ் உள்ள பையனுக்குப் பிறக்கும்போதே உயிரணு உண்டாக்கும் மூலச் செல்கள் குறைவு. ஆனாலும் பதினொன்று, பன்னிரண்டு வயதில் எல்லோரையும் போலவே அவனுக்கும் பருவம் தொடங்குகிறது. விதை கொஞ்சம் வளரவும் செய்யும். பிறகு, பருவம் முன்னேற முன்னேற, அந்தக் குழாய்கள் ஒவ்வொன்றாகச் சிதைந்து தழும்புத் திசுவாக இறுகிப்போகின்றன. வளர்ந்த விதை மறுபடியும் சுருங்குகிறது. இறுக்கம் அந்தத் தழும்பின் இறுக்கம்.

மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி இதைக் கவனித்துக்கொண்டே இருக்கிறது. விதை போதுமான அளவு வேலை செய்யவில்லை என்று தெரிந்ததும் எல்.ஹெச்., எஃப்.எஸ்.ஹெச். என்ற இரண்டு ஹார்மோன்களையும் கூட்டிக் கூட்டி அனுப்பும். அந்த உந்துதலால் டெஸ்டோஸ்டிரோன் சில வருடங்கள் இழுத்துப் பிடித்து ஓடும். பதினாறு வயதில் பார்த்தால் எண் சரியாகவே இருக்கலாம். ஆகவே டெஸ்டோஸ்டிரோனை மட்டும் பார்த்துவிட்டு ஒன்றும் இல்லை என்று அனுப்பினால் இவர்கள் தப்பிப்போவார்கள். கூடிப்போன எல்.ஹெச்., எஃப்.எஸ்.ஹெச். இரண்டும்தான் காட்டிக்கொடுக்கும். மார்பு வளர்வதும் இதே கணக்குதான்: டெஸ்டோஸ்டிரோனோடு ஒப்பிட்டால் பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜெனின் பங்கு கூடிவிடுகிறது. கால் நீளத்துக்குக் காரணம் கொஞ்சம் வேறு. எலும்பு வளர்ச்சிக்கு உதவுகிற ஷாக்ஸ் என்ற மரபணு எக்ஸ், ஒய் இரண்டிலும் உண்டு. மற்றவர்களுக்கு இரண்டு பிரதி, இவர்களுக்கு மூன்று.

அவனிடம் இருந்த பழைய தாளில் டெஸ்டோஸ்டிரோன் 170 நானோகிராம் என்று இருந்தது. ரத்தம் எடுத்த நேரம் சாயங்காலம் ஐந்து மணி, அதுவும் சாப்பிட்ட பிறகு. இந்த ஹார்மோன் காலையில் உச்சத்தில் இருந்து மாலைக்குள் இறங்கிவிடும், சாப்பாடும் அதைக் குறைக்கும். காலை 8 முதல் 10 மணிக்குள், வெறும் வயிற்றில், இரண்டு வேறு நாட்களில் எடுத்தால்தான் அந்த எண்ணை நம்பலாம். அந்தத் தாளை வைத்துக்கொண்டே வேறோர் இடத்தில் அவனுக்கு 250 மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரோன் ஊசி இரண்டு போட்டிருந்தார்கள். விதையைப் பார்க்கவில்லை, எல்.ஹெச். கேட்கவில்லை. நல்லவேளை, கையில் காசு இல்லாததால் அதற்கு மேல் அவன் போகவில்லை. கடைசி ஊசி போட்டு நாலு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது.

நல்லவேளை என்று ஏன் சொல்கிறேன்? வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் போட்டால் பிட்யூட்டரி போதும் என்று நினைத்து எல்.ஹெச்., எஃப்.எஸ்.ஹெச். இரண்டையும் இறக்கிவிடும். அந்த நேரத்தில் ரத்தம் எடுத்தால் கூடியிருக்க வேண்டிய எண்கள் அடங்கித் தெரியும். கோளாறு விதையிலா, பிட்யூட்டரியிலா என்று குழப்பம் வரும். ஜிம்மில் யாரோ கொடுத்த ஊசியைப் போட்டுக்கொள்கிற பையன்களுக்கும் இதுதான் நடக்கிறது. ஊசி ஓய்ந்து சில மாதம் பொறுத்து எடுத்தால் உண்மை தெரியும். குரோமோசோம் சோதனைக்கு மட்டும் எந்த ஊசியும் தடையில்லை.

இரண்டு காலைகளில் எடுத்தோம். டெஸ்டோஸ்டிரோன் 212, இன்னொரு நாள் 228. வளர்ந்த ஆணுக்குப் பெரும்பாலான லேப்களில் 300-ஐ ஒட்டித்தான் கீழ் எல்லை. எல்.ஹெச். 21, எஃப்.எஸ்.ஹெச். 34. இரண்டுமே மேல் எல்லையைவிட இரண்டு மடங்குக்கு மேல். தைராய்டு, புரோலாக்டின் சரியாக இருந்தன. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை 5.9, அதாவது நீரிழிவுக்கு முந்தைய நிலை. ஒல்லியான 22 வயதுப் பையனுக்கு இது கூடுதல்தான், ஆனால் இந்த நிலையில் அது எதிர்பார்க்கக்கூடியதே.

குரோமோசோம் சோதனைக்குப் பச்சை மூடிக் குழாயில் ரத்தம் எடுத்துப் பெரிய ஊர் லேபுக்கு அனுப்ப வேண்டும். அங்கே வெள்ளணுக்களை மூன்று நாள் வளர்த்து, அவை பிரியும் தருவாயில் நிறுத்தி, சாயமேற்றி, வழக்கமாக 20 செல்களில் குரோமோசோம்களை எண்ணுவார்கள். அதனால்தான் முடிவு வர இரண்டு மூன்று வாரம் ஆகிறது. வந்த தாளில் ஒரே வரி: 47,XXY. பார்த்த எல்லாச் செல்களிலும் அப்படியே. சிலருக்குச் சில செல்களில் 46, சில செல்களில் 47 என்று கலந்து வரும். அவர்களுக்கு உயிரணு கிடைக்கும் வாய்ப்பு கொஞ்சம் கூடுதல்.

முடிவைச் சொல்லும் நாளில் அப்பா, அம்மா, ஆச்சி மூன்று பேரும் வந்தார்கள். அவன் சம்மதத்தோடுதான் அவர்களை உள்ளே அழைத்தேன். அவன் முதலில் கேட்டது: “அப்போ நான் ஆம்பளை இல்லையா சார்?” நேரடியாகச் சொன்னேன். நீ ஆண்தான். கருவில் விதையை உருவாக்குவது ஒய் குரோமோசோமில் இருக்கிற ஒரு மரபணு. அது உன்னிடம் முழுசாக இருக்கிறது. எத்தனை எக்ஸ் இருந்தாலும் அது தன் வேலையைச் செய்துவிடும். கூடுதல் எக்ஸின் பெரும்பகுதி ஒவ்வொரு செல்லிலும் அடங்கிப்போய்க் கிடக்கிறது, அடங்காமல் மிச்சம் இருக்கிற சில மரபணுக்கள்தான் இத்தனையும் செய்கின்றன.

அம்மா கேட்டது வேறு. “சொந்தத்துல கட்டினதுனாலயா சார்? இவரு எனக்கு மாமன் மகன்.” இந்தக் கேள்வி எங்கள் ஊரில் வராமல் இருக்காது. இதற்குப் பதில், இல்லை. தாயின் கருமுட்டையோ தந்தையின் உயிரணுவோ உருவாகும்போது இரண்டு எக்ஸும் அல்லது எக்ஸும் ஒய்யும் பிரியாமல் ஒன்றாகப் போய்விடுவதால் இது நேர்கிறது. ஏறக்குறையப் பாதிப் பேருக்கு அது தாய் வழியில், பாதிப் பேருக்குத் தந்தை வழியில். யாரும் எதையும் தின்றதாலோ தின்னாததாலோ வருவதில்லை, பரம்பரையாகவும் வருவதில்லை. சொந்தத்தில் கட்டுவதற்கும் இதற்கும் தொடர்பே கிடையாது. மெத்தென்ற விதை வகையில் சில மட்டும் அப்படி வரலாம், அதைக் கீழே சொல்கிறேன்.

ஆச்சிதான் நோயின் பாதிச் சரித்திரத்தை வைத்திருந்தார். மூன்று வயது தாண்டியும் இவனுக்குப் பேச்சு திருந்தவில்லை, பள்ளிக்கூடத்தில் பாடத்தைச் சத்தமாக வாசிக்கச் சொன்னால் அழுதுவிடுவான், ஆனால் மோட்டாரைப் பிரித்துப் போடு என்றால் போட்டுவிடுவான் என்றார். கூடுதல் எக்ஸ் உள்ள பிள்ளைகளில் பலருக்குப் பேச்சும் வாசிப்பும் தாமதமாகத்தான் வரும். அறிவு பெரும்பாலும் சாதாரண அளவில்தான் இருக்கும். இவனை வாத்தியார்கள் வருடக்கணக்கில் சோம்பேறி என்று சொல்லியிருக்கிறார்கள். அதைக் கேட்டபோது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது. எட்டு வயதில் இது தெரிந்திருந்தால், வாசிக்கக் கற்றுக்கொடுப்பதற்கே தனிப் பயிற்சி உண்டு.

சரி, வைத்தியம். முதலில் டெஸ்டோஸ்டிரோன் போடவில்லை. முதலில் விந்துச் சோதனை. எதிர்பார்த்தபடி உயிரணு இல்லை. ஆனால் விந்தில் இல்லை என்றால் விதைக்குள்ளும் இல்லை என்று அர்த்தமில்லை. தழும்பான குழாய்களுக்கு நடுவே எங்காவது ஒன்றிரண்டு குழாய் பிழைத்திருக்கலாம். மயக்கம் கொடுத்து, விதையைத் திறந்து, ஆபரேஷன் நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டே கொஞ்சம் தடித்த, உயிருள்ளதாகத் தெரிகிற குழாய்களைத் தேடி எடுப்பார்கள். மைக்ரோ டீஸ் என்று சொல்வார்கள். கைதேர்ந்த இடங்களில் இவர்களில் நூற்றுக்கு 40 முதல் 50 பேருக்கு உயிரணு கிடைக்கிறது. கிடைத்தால் உறைய வைத்து, பின்னாளில் ஒவ்வொன்றாகக் கருமுட்டைக்குள் செலுத்தலாம். பிறந்த பிள்ளைகளில் பெரும்பாலோருக்குக் குரோமோசோம் சரியாகவே இருந்திருக்கிறது. டெஸ்டோஸ்டிரோனை முதலில் தொடங்கிவிட்டால் பிட்யூட்டரியின் உந்துதல் நின்று, பிழைத்திருக்கும் அந்தச் சில குழாய்களும் அடங்கிவிடும். அதனால்தான் இந்தப் பேச்சு ஊசிக்கு முன்னால் நடக்க வேண்டும். செய்துகொள்வதும் வேண்டாம் என்பதும் அவன் முடிவு. வயது குறைவாக இருக்கும்போதே செய்தால் கூடுதலாகக் கிடைக்குமா என்பதில் மருத்துவர்களுக்குள் ஒத்த கருத்து இல்லை. அதையும் மறைக்காமல் சொன்னேன்.

இவனைப் பற்றி மேலே போவதற்கு முன், மற்ற வகையை இங்கே வைத்துச் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் கெட்டி, மெத்து என்ற வித்தியாசம் எதற்கு என்று புரியாது.

உவரி பக்கத்துக் கடலோர ஊரிலிருந்து ஒரு பையன் வந்தான். வயது 18. குரல் உடையவில்லை, முடி இல்லை, ஆணுறுப்பும் சிறுவனுடையது. விதைகள் இரண்டும் 2 மில்லி, மெத்தென்று இருந்தன. தழும்பு எதுவும் இல்லாத, எழுப்பப்படாத விதை அது. மூக்கைப் பற்றிக் கேட்டேன். அவன் சிரித்தான். “எனக்குக் கருவாட்டு வாடையே தெரியாது சார்” என்றான். காப்பிப் பொடியை மூக்கருகே வைத்தேன், கண்ணை மூடிக்கொண்டு எதுவும் இல்லை என்றான். பிட்யூட்டரியை எழுப்புகிற நரம்புச் செல்கள் கருவில் மூக்குப் பகுதியில்தான் பிறக்கின்றன. வாசனை நரம்புகளைப் பிடித்துக்கொண்டு மூளைக்குள் போகின்றன. அந்தப் பாதை அமையாவிட்டால் வாசனையும் வராது, பருவமும் வராது. கால்மன் நோய்க்குறி என்று பெயர். ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் 24, எல்.ஹெச்., எஃப்.எஸ்.ஹெச். இரண்டும் ஒன்றுக்கும் கீழே. முதல் பையனுக்கு நேர் எதிர். இங்கே விதையில் குறையில்லை, அதற்கு உத்தரவுதான் வரவில்லை. வாசனை தெரிந்தும் இதே போலப் பருவம் வராமல் நிற்கிறவர்கள் உண்டு. அவர்களில் சிலருக்கு, பெற்றோர் இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்து சேர்ந்திருக்கும். சொந்தத்தில் கட்டிய வீட்டில் அதற்கு வாய்ப்பு கூடுதல்.

இவனுக்கு டெஸ்டோஸ்டிரோன் போட்டால் மீசை வரும், குரல் மாறும். ஆனால் விதை வளராது, உயிரணுவும் வராது. எல்.ஹெச். செய்கிற வேலையைச் செய்யும் ஹெச்.சி.ஜி. ஊசியை வாரம் இரண்டு மூன்று முறையும், அதோடு எஃப்.எஸ்.ஹெச். ஊசியையும் போட்டால் விதை தானே வளர்ந்து தானே டெஸ்டோஸ்டிரோனைச் சுரக்கும். ஆறு மாதத்திலிருந்து இரண்டு வருடத்துக்குள் பலருக்கு உயிரணு வந்துவிடுகிறது. மலிவான வைத்தியம் இல்லை. அதனால் சிலர் முதலில் டெஸ்டோஸ்டிரோனில் வளர்ந்துவிட்டு, கல்யாண நேரத்தில் இதற்கு மாறுகிறார்கள். அதுவும் நடக்கும். ஆனால் எது எதற்கு என்று பையனுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

விதை மெத்தென்று இருப்பதற்கு, பருவம் சற்றுப் பிந்துவதும் காரணமாக இருக்கலாம். உண்மையில் அதுதான் மிகச் சாதாரணம். 14 வயது முடிந்தும் விதை 4 மில்லியை எட்டவில்லை என்றால் பருவம் தாமதம் என்கிறோம். அவர்களில் பெரும்பாலோர் நோயாளிகள் இல்லை. அப்பாவைக் கேட்டால், தானும் காலேஜ் போய்த்தான் சவரம் செய்தேன் என்பார். இடது மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்தால் எலும்பின் வயது இரண்டு வருடம் பின்தங்கி இருக்கும். ஆறு மாதம் பொறுத்து மறுபடி விதையைப் பார்த்தால் 4, 5 என்று ஏறியிருக்கும். பதினைந்து வயதில் இப்படிப் பருவம் பிந்துகிறவனையும் கால்மன் பையனையும் ரத்தச் சோதனையால் உறுதியாகப் பிரிப்பது கடினம். இருவருக்கும் எல்லா எண்ணும் கீழேதான் இருக்கும். வாசனை, சிறுவயதில் விதை இறங்காமல் இருந்ததா, குடும்பத்தில் பிந்திய பருவம் உண்டா என்பவை கைகொடுக்கும், மிச்சத்தைக் காலம்தான் சொல்லும். 18 தாண்டியும் எழவில்லை என்றால் அது தாமதம் இல்லை.

பொன்னுக்கு வீங்கி வந்து விதை சுருங்கிவிட்டது என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களும் உண்டு. பருவத்துக்குப் பிறகு அது வந்து, விதை வீங்கி, காய்ச்சலோடு வலித்திருந்தால் உண்மையாக இருக்கலாம். பெரும்பாலும் ஒரு பக்கம்தான் சுருங்கும், டெஸ்டோஸ்டிரோன் குறைவது அரிது. சிறுவயதில் கன்னம் மட்டும் வீங்கியதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. முக்கூடல் பையனுக்கும் வீட்டில் அதைத்தான் காரணமாகச் சொல்லி வைத்திருந்தார்கள்.

அவன் மைக்ரோ டீஸ் செய்துகொள்வதென்று முடிவு செய்தான். அப்பா வண்டியின் மேல் கடன் வாங்கினார். உயிரணு கிடைக்கவில்லை. பாதிப் பேருக்கு இப்படித்தான் ஆகும் என்று முன்பே சொல்லியிருந்தாலும், அன்றைக்கு அவர்களிடம் பேசுவது சுலபமாக இல்லை. அவன் அழவில்லை, அம்மா அழுதார். தெரிந்துகொண்டுதான் கல்யாணத்துக்கு நிற்பேன், பெண் வீட்டில் மறைக்கக் கூடாது என்று அவனே சொன்னான். தானமாகப் பெறும் உயிரணு, தத்து இரண்டைப் பற்றியும் நேரம் வரும்போது பேசலாம் என்று விட்டுவிட்டோம்.

அதன் பிறகுதான் டெஸ்டோஸ்டிரோன். மூன்று வாரத்துக்கு ஒரு முறை போடுகிற ஊசியில் முதல் வாரம் எண் உச்சத்துக்கு ஏறி, கடைசி வாரம் சரிந்துவிடும். அந்தக் கடைசி வாரத்தில் பழைய சடவு திரும்ப வரும். 1000 மில்லிகிராம் நீண்டகால ஊசி என்றால் இரண்டாவதை ஆறாவது வாரத்திலும் அதற்குப் பிறகு 10 முதல் 14 வாரத்துக்கு ஒருமுறையும் போடலாம். எண் சமமாக நிற்கும், விலைதான் கூடுதல். அவன் முதல் வகையில் தொடங்கி, வேலை கிடைத்த பின் இரண்டாவதற்கு மாறினான். சில மாதங்களில் சடவு குறைந்தது, தாடி வந்தது. மார்பு குறையவில்லை. வருடக்கணக்காக இருந்த சுரப்பித் திசு ஊசியில் கரையாது, இதை முன்பே சொல்லியிருந்தேன். அதற்கு அறுவை சிகிச்சைதான், அடுத்த வருடம் செய்துகொண்டான்.

ஊசி போடுகிற வரைக்கும் ரத்தத்தில் சிவப்பணுவின் அளவைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஹெமட்டோக்ரிட் 54 சதவீதத்தைத் தாண்டினால் ரத்தம் தடித்துவிடும். ஊசியை நிறுத்தியோ குறைத்தோ ஆக வேண்டும். இந்த நிலை உள்ளவர்களுக்குக் காலில் ரத்தம் உறைவது ஏற்கெனவே சற்றுக் கூடுதல் என்பதால் இதில் அலட்சியம் கூடாது. ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் எண்ணெய் தேய்த்துப் பார்க்காமல் அன்றைக்கே வரச் சொல்லியிருக்கிறேன். எலும்பின் அடர்த்தி, சர்க்கரை, தைராய்டு ஆகியவற்றையும் அவ்வப்போது பார்க்க வேண்டும். மார்பில் கட்டி தட்டுப்பட்டால் காட்ட வேண்டும். மற்ற ஆண்களைவிட இவர்களுக்கு மார்புப் புற்றுநோய் வாய்ப்பு அதிகம், ஆனாலும் அரிதுதான்.

போன தடவை ஊசிக்கு வந்தபோது தம்பியைக் கூட்டி வந்திருந்தான். பதினான்கு வயது, அண்ணனைப் போலவே நெடுநெடுவென்று. இவனுக்கும் குரோமோசோம் சோதனை செய்ய வேண்டுமா என்று கேட்டான். அண்ணனுக்கு இருப்பதால் மட்டும் தம்பிக்குத் தேவையில்லை என்றேன். திரைக்குப் பின்னால் கூட்டிப் போய் மணிமாலையை வைத்துப் பார்த்தேன். இரண்டு பக்கமும் 10 மில்லி, வயதுக்கேற்ற அளவு.